கல்யாணம் முடியட்டும், அப்புறம் கேளுங்கள்

*அக்கா, சுங்கை சிப்புட்டில் 11 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸ், ஆரி வேலைதான் அதிகம். நேரில் வாயாரப் புகழ்கிறவர்கள், எழுதித் தரச் சொன்னால் "நல்லா இருக்கு, நன்றி" என்று முடித்துவிடுகிறார்கள். கைப்பேசியைத் தூக்கினால் விறைத்து நிற்கிறார்கள். போன மாதம் பிளவுஸ் வாங்க வந்த ஒரு பெண்ணைச் சின்னதாக ஒரு காணொலி எடுத்து முகநூலில் போட்டேன். கல்யாணத்துக்கு 5 நாள் இருந்தது. அவருடைய அம்மா போன் செய்து கோபப்பட்டார். எடுக்கும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் நின்றார். இனிமேல் எப்படிக் கேட்பது? அம்மா காய்ச்சும் மூட்டுவலி எண்ணெய்க்கும் இப்படி வாங்கிப் போடலாமா?*

தங்கச்சி, முதலில் அந்த அம்மாவிடம் பேசி முடியுங்கள். காணொலியை முகநூலில் இருந்து எடுத்துவிட்டேன் என்பது மட்டும் போதாது. டிக்டாக்கில் போட்டிருந்தால் அங்கேயும் எடுங்கள். கடை புலனக் குழுவில் பகிர்ந்திருந்தால் அங்கேயும் அழித்துவிடுங்கள். எங்கெங்கே எடுத்தீர்கள், யாராவது முன்னமே பகிர்ந்து அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டதா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "மன்னிச்சிடுங்கம்மா, கேட்டுட்டுப் போட்டிருக்கணும்" என்று சொன்னால் போதும். பொண்ணு சிரிச்சாளே என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கைப்பேசியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். எடுக்கச் சம்மதம் என்பது ஒன்று, எடுத்ததை ஊர் பார்க்கச் சம்மதம் என்பது வேறு. உங்களுக்குக் கிடைத்தது முதலாவது மட்டும்தான்.

அந்த அம்மாவின் கோபத்துக்கு என்ன காரணம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 5 நாள் என்றதும் எனக்குப் புரிந்தது. முகூர்த்தத்தன்று மணமேடையில் எல்லோரும் முதல்முறையாகப் பார்க்க வேண்டிய பிளவுஸை மாப்பிள்ளை வீடும், பக்கத்துத் தாமானும், தோட்டத்து லயத்தில் இருக்கும் சித்திமார்களும் கைப்பேசியில் பார்த்துவிட்டார்கள். கோலாலம்பூரில் இது பெரிய விஷயமாக இருக்காது. நம் ஊரில் கடைத்தெருவில் பார்க்கிறவர் கோயிலிலும் பார்ப்பார், பள்ளிக்கூட வாசலிலும் பார்ப்பார். பாராட்டு பலிப்பதும் அதனால்தான், காயப்படுத்துவதும் அதனால்தான்.

சரி, எப்போது கேட்பது? பிளவுஸ் கொடுக்கும் நாளில் கேட்காதீர்கள். அன்று அவர் கண்ணாடி முன்னால் 5 நிமிடம் போட்டுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அவரிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. அதனால்தான் "நல்லா இருக்கு" என்ற இரண்டு வார்த்தையோடு நின்றுவிடுகிறார். அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சொல்வதற்கான சங்கதி அவருக்கு இன்னும் நடக்கவில்லை. பிளவுஸ் என்ன செய்தது என்பது கல்யாணத்தன்று தெரியும். 4 மணி நேரம் மேடையில் உட்கார்ந்தபோது இடுப்பில் பிடித்ததா, மாலை மாற்றக் கையைத் தூக்கியபோது அக்குளில் இழுத்ததா, வேர்த்த பிறகு ஆரி வேலையின் பின்புறம் முதுகில் குத்தியதா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். அடுத்து தைக்க வரும் பெண்ணுக்கு வேண்டியது இந்தச் செய்திதான்.

ஆகவே கொடுக்கும் நாளில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி வையுங்கள்: "கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் பிளவுஸ் எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாள் கேட்கிறேன்." கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, படங்கள் கைக்கு வந்த நேரத்தில் கேளுங்கள். வைகாசியிலும் ஆனியிலும் கல்யாணம் முடித்தவர்களை ஆடியில் கேட்பது இன்னும் வசதி. ஆடியில் கல்யாண வேலை இல்லாததால் உங்களுக்கும் நேரம் இருக்கும். அவர்களும் விருந்து, மறுவீடு எல்லாம் முடித்து ஓய்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. யாரிடம் கேட்பது என்று யோசிக்கும்போது, குறையோடு திரும்பி வந்து நீங்கள் சரிசெய்து கொடுத்தவர்களை மறந்துவிடாதீர்கள். தோள் இறங்குகிறது என்று வந்து, அன்றைக்கே பிரித்துத் தைத்துக் கொடுத்தீர்களே, அவர்கள் சொல்வதை ஜனங்கள் நம்புவார்கள். குறையே இல்லாத பாராட்டு பத்துக்கு மேல் அந்த ஒன்று நிற்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். "ஒரு விமர்சனம் எழுதித் தாங்க" என்றால் பரீட்சைக் கட்டுரை கேட்ட மாதிரி மனசு அடைத்துக்கொள்ளும். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். தைக்கக் கொடுக்கும்போது மனசுக்குள் என்ன பயம் இருந்தது? கல்யாணத்தன்று போட்ட பிறகு எதைக் கவனித்தீர்கள்? உங்கள் தங்கச்சிக்குத் தைக்க வேண்டும் என்றால் என்ன சொல்லி அனுப்புவீர்கள்? முதல் கேள்விதான் முக்கியம். பயத்தைச் சொன்னவர் அடுத்து அது தீர்ந்த கதையைத் தானாகவே சொல்வார்.

தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாதவர்கள் நிறையப் பேர். அவர்களைப் புலனத்தில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். பேசத் தெரியாதவர் என்று யாரும் இல்லை. நீங்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி காட்டுகிறேன். உங்களைப் போல ஒரு தையல்காரருக்கு வரக்கூடிய குரல் பதிவு இப்படி இருக்கும்:

"ஆ... அக்கா, சாப்பிட்டீங்களா? பிளவுஸ் மெமாங் நல்லா இருந்துச்சு லா. நான் சொன்னேன்ல, எனக்கு கை கொஞ்சம் பெருசு, ரெண்டு கடையில தச்சு ரெண்டும் டைட்டு. அதான் பயம். நீங்க வேற கைய கொஞ்சம் நீளமா வைப்போம்னீங்க, நான் வேணாம்னேன். அப்புறம் மாலை மாத்தும்போது கைய நல்லா தூக்கினேன், ஒண்ணும் இழுக்கல. எங்க அத்தை கூட கேட்டாங்க எங்க தச்சேன்னு. ஆனா ஊக்கு ஒண்ணு சாயங்காலம் விட்டுடுச்சு, பரவால்ல, சேலைதான் மறைச்சிடுச்சு. சரிக்கா, பாப்பா அழுவுது."

இதைச் சுருக்கினால் இப்படி வரும்:

"எனக்கு கை கொஞ்சம் பெருசு. ரெண்டு கடையில தச்சு ரெண்டும் டைட்டு. அதான் பயம். மாலை மாத்தும்போது கைய நல்லா தூக்கினேன், ஒண்ணும் இழுக்கல. எங்க அத்தை கூட கேட்டாங்க எங்க தச்சேன்னு. ஊக்கு ஒண்ணு சாயங்காலம் விட்டுடுச்சு."

நான் வெட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. "மிக நேர்த்தியான தையல்" என்று அவர் சொல்லாத ஒன்றை நுழைத்தால், அடுத்த முறை கடைக்கு வரும்போது "நான் இப்படிச் சொன்னேனா?" என்று நினைப்பார். அந்த "டைட்டு" அப்படியே இருக்கட்டும். அதைச் செந்தமிழாக்கினால் அவர் குரல் போய்விடும். ஊக்கு விட்ட சங்கதியை வைப்பதா எடுப்பதா என்பது உங்கள் முடிவுதான், ஆனால் நான் வைப்பேன். கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: "இப்போது எல்லாப் பிளவுஸிலும் ஊக்குக்கு இரட்டைத் தையல் போடுகிறோம்." அது கடைக்காரர் வார்த்தை என்று தெரியும்படி தனியாக எழுதுங்கள். அப்புறம் அந்த இரட்டைத் தையலை மெய்யாகவே போடுங்கள்.

காணொலி விஷயம். விறைத்து நிற்பதற்குக் காரணம், நீங்கள் அவரைக் கைப்பேசியைப் பார்த்துப் பேசச் சொல்கிறீர்கள். கைப்பேசியை ஒரு தாங்கியில், இல்லாவிட்டால் நூல்கண்டுப் பெட்டி மேல், அவர் முகத்து உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். நீங்கள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரோடு பேசுங்கள், அவர் உங்களைப் பார்த்துப் பேசட்டும். முதலில் ஒன்றிரண்டு நிமிடம் கல்யாணக் கதையைக் கேளுங்கள், சாப்பாடு எப்படி இருந்தது, மழை வந்ததா என்று. அதை வைத்துக்கொள்ளப் போவதில்லை, ஆனால் அதற்குள் தோள் இறங்கிவிடும். பிறகு அதே மூன்று கேள்வி. பதிலை முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "ஆமா, பயமா இருந்துச்சு" என்று மட்டும் வரும். கேள்வியை வெட்டிவிட்டால் எதற்குப் பயம் என்று யாருக்கும் புரியாது.

வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. கடை வாசலைப் பார்த்து அவரை உட்கார வையுங்கள். வாசல் அவருக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். படத்தைவிடச் சத்தம்தான் பெரிய தலைவலி. மின்விசிறியை நிறுத்துங்கள், தையல் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள், பக்கத்துக் கடை வானொலியைக் குறைக்கச் சொல்லுங்கள். சாயங்கால மழை துத்தநாகக் கூரையில் இறங்கிவிட்டால் அன்றைக்கு எடுக்காதீர்கள். கைப்பேசி மூன்றடிக்குள் இருந்தால் குரல் தெளிவாக விழும். 5 நிமிடம் பேசியதில் 30, 40 விநாடி போதும். பலர் சத்தத்தை மூடிவிட்டுத்தான் பார்ப்பார்கள், அதனால் அவர் சொல்வதைக் கீழே தமிழில் எழுத்தாகப் போடுங்கள்.

எடுத்து முடித்ததும் வீட்டுக்குப் போய் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள், ஆனால் பேச்சைக் கேட்க அல்ல. பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். இன்னொருவர் அளவு எழுதிய புத்தகம் திறந்து கிடக்கிறதா? துணி மாற்றும் திரைக்கு முன்னால் வேறு யாராவது நிற்கிறாரா? பிள்ளையின் பள்ளிச் சட்டையில் பெயர்ப் பட்டை தெரிகிறதா, வாசலில் நிற்கும் கார் எண் தெரிகிறதா? பெண்கள் கல்யாண நகையோடு பேசியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கழுத்தில் நகையும், எந்தத் தாமான் என்ற பேச்சும் ஒரே காணொலியில் இருக்கவே கூடாது. விலையைச் சொல்லியிருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். 400 வெள்ளிக்குத் தைத்தாளா என்று மாமியார் வீட்டில் பேச்சு எழும், அந்தப் பேச்சு உங்கள் கடைக்கும் வரும்.

இப்போது சம்மதம். முடித்த எழுத்தையும் காணொலியையும் அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும். என்ன போடப் போகிறோம் என்று பார்க்காமல் கொடுத்த சம்மதத்துக்கு அர்த்தமில்லை. புலனத்தில் இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம். நீங்கள் பேசியதை இப்படிச் சுருக்கியிருக்கிறேன், காணொலியும் இதோடு இருக்கிறது. கடைச் சுவரிலும், கடையின் முகநூல் பக்கத்திலும், டிக்டாக்கிலும் ஒரு வருடம் போட விரும்புகிறேன். பெயர் எப்படி வேண்டும்: முழுப் பெயரா, முதல் பெயர் மட்டுமா, பெயரே வேண்டாமா? எதையாவது வெட்ட வேண்டுமா? எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவேன். சம்மதம் என்றால் எதற்கெல்லாம் சம்மதம் என்று எழுதி அனுப்புங்கள். விருப்பம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை."

கடைச் சுவருக்குச் சரி, முகநூல் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியே செய்யுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றுதான் அர்த்தம். ஒருமுறை நினைவூட்டலாம், இரண்டாவது முறை வேண்டாம். சம்மதம் வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு ஒரு தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்தால் போய்விடும், அதனால் வேறு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. வணிகத்துக்காக ஒருவருடைய முகம், குரல், பெயர் ஆகியவற்றைப் பயன்படுத்தும்போது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடைக்கும் பொருந்தும். சம்மதத்தைப் பதிவாக வைத்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். கொடுத்தவர் எழுத்தில் கேட்டுச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அப்போது நீங்கள் நிறுத்தித்தான் ஆக வேண்டும். விவரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே மேலே உள்ள செய்தியை அந்த இரண்டு மொழியிலும் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, தமிழோடு சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு வருடம் என்று ஏன் கணக்கு வைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்பு நான் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தேன். அழகாக வந்த ஒரு கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பேழையில் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் கேட்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. 3 வருடம் அது அங்கேயே இருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் கடைக்குள் வந்து, மெதுவாக, "அக்கா, அந்தப் படத்த எடுத்துடுறீங்களா? வேலைக்குப் போறப்ப தினமும் பஸ்ல இருந்து பார்க்கிறேன்" என்றார். அவர்கள் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் படத்தைக் கழற்றும்வரை அவர் வாசல் பக்கம் திரும்பாமலேயே நின்றார். அன்றிலிருந்து தேதி போடாமல் நான் எதையும் மாட்டுவதில்லை. ஒரு வருடம் முடிந்தால் மறுபடி கேளுங்கள், இல்லாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

சன்மானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள்: பாராட்டுத் தந்தால் 20 வெள்ளி கழிவு என்று. வேண்டாம். காசு வாங்கிச் சொன்னது என்று தெரிந்தால் மற்றவர்கள் சொன்னதும் சேர்ந்து போகும். அண்ணன் மகளை வாடிக்கையாளர் போலப் பேச வைப்பதும் அப்படித்தான். பொருள், சேவை பற்றிப் பொய்யாகவோ திசைதிருப்பும்படியாகவோ சொல்வதை 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கூகலில் உங்கள் கடைக்கு விமர்சனம் வேண்டுமென்றால் வாடிக்கையாளரே தன் கணக்கில் எழுத வேண்டும். குரல் பதிவை நீங்கள் அங்கே அவர் சார்பில் போடக்கூடாது, பரிசு கொடுத்து எழுத வைப்பதையும் கூகல் அனுமதிப்பதில்லை.

எண்ணெய்க்கு என் பதில்: போடாதீர்கள். "மூட்டுவலி போயே போச்சு" என்று ஒரு பாட்டி மனசாரச் சொன்னாலும், அதை நீங்கள் சுவரில் ஒட்டிய நிமிடமே அது உங்கள் விளம்பரம் ஆகிவிடும். மருந்து, சிகிச்சை விளம்பரத்துக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வாங்காமல் நோய் தீரும் என்று விளம்பரம் செய்ய முடியாது. நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் போன்ற சில நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே தடை. பாட்டி சொன்னதை அம்மாவிடம் சொல்லுங்கள், அம்மா சந்தோஷப்படட்டும்.

கடையில் எங்கே மாட்டுவது? வாசல் கண்ணாடியில் வேண்டாம், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அளவு எடுக்க நிற்கும் இடத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், கண் உயரத்தில் மாட்டுங்கள். அந்த நேரத்தில்தான் வருகிறவருக்குப் பயம் வரும், கை பெரிதாக இருக்கிறதே, தோள் இறங்குமோ என்று. ஏ4 தாளில் பெரிய எழுத்தில் 4 பேருடையது போதும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பயம் இருக்கட்டும்: கை இறுக்கம், தோள் இறக்கம், ஆரி குத்துவது, நாள் தவறுவது. கீழே அவர் சம்மதித்த பெயரும், மாதமும் வருடமும். பக்கத்தில் அதே பிளவுஸின் படம், முகம் இல்லாமல், தையல் தெரியும்படி. மூலையில் பென்சிலில் சின்னதாகக் கழற்ற வேண்டிய தேதியை எழுதிவிடுங்கள்.

இந்த ஆடியில் மூன்று பேரோடு ஆரம்பியுங்கள். முதல் ஆளாக, பிரித்துத் தைத்துக் கொடுத்த ஒருவரைக் கூப்பிடுங்கள். கோபப்பட்ட அம்மாவின் மகளிடம் இப்போது எதையும் கேட்காதீர்கள். அவர்களே மறுபடி தைக்க வந்தால் நன்றாகத் தைத்துக் கொடுங்கள், கைப்பேசி மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.